தன்னியக்கப் பதிலும் தட்டிக்கழிக்கும் மனப்பான்மையும்

"தற்போது அலுவலகத்தில் இல்லை. திரும்பியதும் தங்கள் மடலுக்குப் பதிலளிக்கப்படும்." பல்கலைக்கழக மின்னஞ்சலைப் பயன்படுத்தும் எவரும் இவ்விரு வாக்கியங்களையும் ஒருமுறையேனும் பெற்றிருப்பர். விடுமுறையில் செல்லும் உத்தியோகத்தரோ விரிவுரையாளரோ புறப்படுமுன் தமது மின்னஞ்சற் கணக்கில் எழுதி வைத்துச் செல்லும் தன்னியக்கப் பதில் இது. இதனை ஒரு மரியாதைச் செயல் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். மடல் அனுப்பியவரைக் காக்க வைக்காது, உடனே ஒரு வார்த்தை சொல்லியாயிற்று என்பது அவர்தம் வாதம். இக்கருத்து அடிப்படையிலேயே பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திரும்பும் திகதியையும், நேர ஒழுங்குகளை மாற்றும் அதிகாரமுடைய ஒருவரின் பெயரையும் கூறாத தன்னியக்கப் பதில் மரியாதையன்று. அது தட்டிக்கழித்தலின் நாகரிகமான வடிவமே ஆகும்.

மேற்காட்டிய இரு வாக்கியங்களும் உண்மையில் எதனைக் கூறுகின்றன? ஆள் இல்லை என்பதைக் கூறுகின்றன. எப்போது வருவார் என்பதைக் கூறவில்லை. வரும்வரை அவரது கடமைகளை யார் பார்க்கின்றார் என்பதையும் கூறவில்லை. மடல் அனுப்பியவருக்கு இவ்விரண்டுமே தேவை; ஆள் இல்லை என்னும் செய்தி மட்டும் அவருக்கு எவ்விதத்திலும் உதவாது. பூட்டிய கதவின் முன் நிற்பவனுக்குக் கதவு பூட்டியிருக்கின்றது என்று சொல்லி அனுப்புவதை ஒத்ததே இது.

திரும்பும் திகதி ஏன் இன்றியமையாதது என்பதைப் பலர் சரியாக உணர்ந்ததில்லை. அது வெறுந் தகவல் அன்று. தமது விடயம் அவசரமானதா அல்லவா என்பதை மடல் அனுப்பியவர் தீர்மானிப்பதற்கு அவரிடம் இருக்கக்கூடிய ஒரே அளவுகோல் அதுவேயாகும். ஒரு விடயம் தன்னளவில் அவசரமானதாகவோ அவசரமற்றதாகவோ இருப்பதில்லை. நாளை மறுநாள் நடைபெற வேண்டிய கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது, உத்தியோகத்தர் நாளை திரும்புவாராயின் அவசரமன்று. இரு கிழமைகள் கழித்தே திரும்புவாராயின் அதுவே பேரவசரம். முடிவு எடுக்கப்பட வேண்டிய நாள் திரும்பும் திகதிக்கு முன்னர் வருமாயின் அவ்விடயம் அவசரமானது. பின்னர் வருமாயின் காத்திருக்கலாம். இத்தனை எளிதான கணக்கைக்கூடச் செய்ய முடியாதவாறு திகதியை மறைத்துவிட்டு, "அவசரமாயின் தொடர்பு கொள்க" என்று எழுதுவதில் எப்பொருளும் இல்லை.

திகதியைக் கூறுவோரும் அதனைத் தெளிவாகக் கூறுவதில்லை. "17ஆந் திகதி வரை விடுமுறை" என்று எழுதினால் 17ஆந் திகதி அவர் இருப்பாரா, இல்லையா? "அடுத்த கிழமை திரும்புவேன்" என்று எழுதினால் எந்தக் கிழமைக்கு அடுத்த கிழமை? எழுதப்பட்ட நாளில் அதற்கு ஒரு பொருளும், பத்து நாள் கழித்து வாசிக்கப்படும் நாளில் இன்னொரு பொருளும் ஏற்பட்டுவிடுகின்றது. "ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை மீண்டும் கடமைக்கு வருவார்" என்று கிழமையும் சேர்த்து எழுதும்போதுதான் ஐயத்துக்கு இடமில்லாது போகின்றது.

சொற்களில் இத்துணைக் கவனம் வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். தன்னியக்கப் பதிலை அனுப்பும் பொறியின் இயல்பை அறிந்தோர் இக்கேள்வியை எழுப்பமாட்டார். 1980களில் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் இயங்குதளத்தோடு பரவிய `vacation` என்னும் சிறு நிரல் இவ்வகைப் பொறிகளுக்கு ஒரு முன்னோடியாகும். இரு பொறிகள் ஒன்றுக்கொன்று முடிவின்றிப் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஆபத்து தொடக்கத்திலேயே உணரப்பட்டது. ஆகவே ஒருவருக்கு ஒருமுறை பதில் சென்றால், குறித்த காலம் கழியும்வரை அதே ஆளுக்கு மறுபடியும் அனுப்புவதில்லை என்னும் கட்டுப்பாடு ஏற்பட்டது. தன்னியக்கப் பதில்கள் பற்றி 2004இல் வெளியிடப்பட்ட இணையத் தரக்குறிப்பு இக்காலத்தை 7 நாள்களாக வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஜிமெயில் 4 நாள்களை எல்லையாகக் கொண்டுள்ளது. மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ் வழங்கியிலோ, பதிலை நிறுத்தி மீண்டும் தொடக்கும்வரை ஒருவருக்கு ஒரேயொரு பதில்தான்.

இதன் விளைவு மிகப் பாரதூரமானது. முதல் மடலுக்குத் தெளிவற்ற பதிலைப் பெற்ற ஒருவர் இரண்டு நாள் கழித்து, "இது மிக அவசரம்" என்று இரண்டாவது மடலை எழுதுகின்றார். இம்முறை அவருக்கு எப்பதிலும் வருவதில்லை. மனித இயல்பின்படி அவர் என்ன நினைப்பார்? முன்னர் உடனே பதில் வந்தது, இப்போது வரவில்லை, எனவே ஆள் திரும்பி வந்து மடலைப் பார்த்துவிட்டார் என்றே நினைப்பார். பொறியின் மௌனம் மனிதனின் சம்மதமாகத் திரிந்துவிடுகின்றது. ஒரேயொரு முறை மாத்திரம் பேச அனுமதிக்கப்பட்ட ஒன்று அந்த ஒருமுறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், பின்னர் சொல்வதற்கு அதற்கு வாய்ப்பே இல்லை.

இதனை ஓர் உதாரணத்தின் மூலம் விரிவாக நோக்கலாம். கலைப்பீடமொன்றின் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை ஆகஸ்ட் 12, புதன்கிழமை காலை 10 மணிக்கு ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது எனக் கொள்வோம். பரீட்சைகளுக்குப் பொறுப்பான இணைப்பாளர் ஆகஸ்ட் 3 தொடக்கம் விடுமுறையில் செல்கின்றார். 18ஆந் திகதியே திரும்புவார். பெறுபேறுகளை ஆராயும் பரீட்சைச் சபை 21ஆந் திகதி கூடுகின்றது. அதற்குள் வாய்மொழிப் பரீட்சையின் புள்ளிகள் போய்ச் சேராவிட்டால் அம்மாணவியின் பெறுபேறு அடுத்த சபை கூடும்வரை தள்ளிப்போகும். அதுவரை பட்டதாரி என்று எந்த விண்ணப்பத்திலும் அவள் எழுத முடியாது. ஆகஸ்ட் 5ஆந் திகதி மாலை, வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெளிவாரிப் பரீட்சகர் இணைப்பாளருக்கு மடல் எழுதுகின்றார். 12ஆந் திகதி தமது பீடத்தில் தவிர்க்க முடியாத கூட்டம் ஒன்று வந்துவிட்டது; 11ஆந் திகதியோ 13ஆந் திகதியோ வரலாம்; அதை விட்டால் செப்டெம்பரிலேயே இயலும்; பயண ஒழுங்குகளைச் செய்வதற்கு 7ஆந் திகதிக்குள் அறியத் தருக என்பது மடலின் சாரம்.

முதலாவதாக, இணைப்பாளரின் தன்னியக்கப் பதில் இக்கட்டுரையின் தொடக்கத்தில் காட்டப்பட்ட இரு வாக்கியங்களே எனக் கொள்வோம். பரீட்சகர் காத்திருக்கின்றார். 7ஆந் திகதி மீண்டும் எழுதுகின்றார். நான்கு நாள் எல்லை கடக்காமையால் பதில் வரவில்லை. மடல் பார்க்கப்பட்டது, மாற்று நாள் பின்னர் அறிவிக்கப்படும் என்று அவர் அமைதி கொள்கின்றார். 12ஆந் திகதி காலை மாணவியும் அவளது மேற்பார்வையாளரும் உள்வாரிப் பரீட்சகரும் அறையில் அமர்ந்திருக்கின்றனர். வர வேண்டியவர் வரவில்லை. 18ஆந் திகதி இணைப்பாளர் திரும்பி வந்து இரு மடல்களையும் ஒருங்கே வாசிக்கின்றார். பரீட்சைச் சபைக்கு எஞ்சியிருப்பது மூன்று நாள்கள்; வெளிவாரிப் பரீட்சகரோ இனிச் செப்டெம்பரில்தான் வருவார். இங்கு எவரும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை. ஆயினும் ஒரு மாணவியின் காலம் பறிபோயிற்று.

இரண்டாவதாக, "17ஆந் திகதி வரை விடுமுறை, அவசரமாயின் திணைக்கள அலுவலகத்துடன் தொடர்பு கொள்க" என்று பதில் அமைந்திருப்பதாகக் கொள்வோம். திகதி இருப்பதால், காத்திருப்பதில் பயனில்லை என்பதைப் பரீட்சகர் அக்கணமே உணர்ந்துவிடுகின்றார். மறுநாட் காலை தொலைபேசியில் அழைக்கின்றார். அலுவலகத்து எழுதுவினைஞர் அன்போடு செவிமடுக்கின்றார். ஆனால் வாய்மொழிப் பரீட்சைகளின் நேரசூசி இணைப்பாளரின் கணினியில் இருக்கின்றது. நாளை மாற்றும் அதிகாரம் எழுதுவினைஞருக்கு இல்லை. அவ்வாறு மாற்றினால் பின்னர் ஏச்சு வாங்க வேண்டியவரும் அவரே. "சேர் வந்த பிறகுதான் சொல்லலாம்" என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? மாணவி 12ஆந் திகதி வீணே வந்து காத்திருப்பதை அவர் தடுக்கலாம். அதற்கப்பால் எதுவும் நடவாது. பெயர் குறிப்பிடாது "அலுவலகம்" என்று எழுதுவோர், தமது பொறுப்பை அதிகாரமற்ற ஒருவரின் தலையில் இறக்கிவைத்து, அதற்கு ஒழுங்கு என்று பெயரிட்டுக்கொள்கின்றனர்.

மூன்றாவதாக, இணைப்பாளர் புறப்படுமுன் அதே திணைக்களத்து விரிவுரையாளர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்திருப்பதாகக் கொள்வோம். நேரசூசியின் பிரதி அவரிடம் உண்டு; வாய்மொழிப் பரீட்சைகளின் நாளையும் அறையையும் தம் பொறுப்பில் மாற்றலாம் என்பதும் திணைக்களத் தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. தன்னியக்கப் பதிலில் அவர் பெயரும், அலுவலகத் தொலைபேசி இலக்கமும், எவ்விடயங்களுக்கு அவரை அழைக்கலாம் என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. 6ஆந் திகதி காலை பரீட்சகர் அவரை அழைக்கின்றார். அவர் அறை ஒழுங்கைப் பார்த்து, மேற்பார்வையாளரையும் உள்வாரிப் பரீட்சகரையும் கேட்டு, மாணவிக்கும் அறிவித்து, நண்பகலுக்கு முன் 13ஆந் திகதியை உறுதிசெய்கின்றார். நான்கு தொலைபேசி அழைப்புகளோடு விடயம் முடிந்தது. விடுமுறையிலிருந்த இணைப்பாளரை எவரும் தொந்தரவு செய்யவில்லை. 18ஆந் திகதி அவர் திரும்பும்போது புள்ளிகள் தயாராக இருக்கின்றன.

இம்மூன்று நிலைமைகளிலும் பொறி ஒன்றே, மடல் ஒன்றே, வேறுபட்டது புறப்படுமுன் செய்யப்பட்ட ஒழுங்கு. ஆகவே, நல்ல தன்னியக்கப் பதில் என்பது எழுத்துத் திறமையால் விளைவதன்று. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு பொறுப்பு ஒப்படைப்பின் அறிவித்தலே அது. ஒப்படைப்பு நடைபெறாதவிடத்து எத்துணை அழகாக எழுதினாலும் அது வெற்றுச் சொல்லாகவே எஞ்சும்.

இவ்வொப்படைப்பு இந்நாட்டின் நிர்வாகத்துக்குப் புதியதன்று. உயர் பதவியிலுள்ளவர் வெளிநாடு சென்றாலோ நீண்ட விடுமுறை பெற்றாலோ அப்பதவியில் பதிற்கடமையாற்ற ஒருவரை நியமிப்பது நெடுங்கால வழக்கு. பல்கலைக்கழகத் திணைக்களத் தலைவர்களுக்கும் இவ்வழக்கு உண்டு. நியமனக் கடிதம் எழுதப்படுகின்றது, பிரதிகள் உரியவர்களுக்கு அனுப்பப்படுகின்றன, கோவையிலும் இடப்படுகின்றது. ஆனால் வெளியிலிருந்து மடல் எழுதும் மாணவனுக்குக் கிடைக்கும் தன்னியக்கப் பதிலில் மாத்திரம் பதிற்கடமையாற்றுபவரின் பெயர் இடம்பெறுவதில்லை. நிர்வாகம் தனக்குள்ளே அறிந்து வைத்திருப்பதைத் தன்னை நாடி வருபவனுக்குச் சொல்ல மறுக்கும் இம்முரண்பாட்டை எதனால் விளக்குவது?

தாம் இன்றேல் எதுவும் அசையாது என்று காட்டிக்கொள்ளும் நிலமானிய மனப்பாங்கே இதற்குக் காரணம் என்பதை மறைப்பதில் பயனில்லை. காத்திருக்க வைப்பது அதிகாரத்தின் பழைய அடையாளங்களுள் ஒன்று. கச்சேரியின் விறாந்தையில் வாங்கில் அமர்ந்திருந்த விவசாயி அதனை அறிவான்; இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவனும் அதனையே அறிகின்றான். மாற்றாளின் பெயருக்குப் பதிலாகத் தமது சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துச் செல்வோரும் உளர். இது பெருந்தன்மையாகத் தோற்றும். உண்மையில் அவர் எவரிடமும் எதனையும் ஒப்படைக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையைக் கையோடு எடுத்துச் சென்றுள்ளார். நோயுற்ற பெற்றோரின் கட்டிலருகே நிற்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பரீட்சை நாளைப் பற்றிப் பேச எந்த மாணவன் துணிவான்?

இத்தகைய பதில்களுக்குச் சார்பாகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. அவற்றுள் முதலாவது பாதுகாப்புப் பற்றியது. திரும்பும் திகதியை ஊரெல்லாம் அறிவித்தால் வீடு பூட்டிக் கிடப்பதைக் கள்வரும் அறிவர் என்பர். இவ்வச்சத்தை முற்றாகப் புறக்கணிக்க முடியாது. ஆயினும் அதற்கான பரிகாரம் திகதியை நீக்குவதன்று, தேவையற்றவற்றை நீக்குவதே. எந்த ஊருக்குச் செல்கின்றார், குடும்பத்தோடு செல்கின்றாரா, எதற்காகச் செல்கின்றார் என்பன எவருக்கும் வேண்டாதவை. கடமைக்கு மீளும் நாளும் மாற்றாளின் அலுவலக இலக்கமும் போதுமானவை. மேலும் எக்ஸ்சேஞ் போன்றவற்றில் நிறுவனத்துக்கு உள்ளே உள்ளோருக்கு ஒரு பதிலும் வெளியாருக்கு வேறொரு பதிலும் எழுதலாம். வெளியாருக்கு எப்பதிலும் செல்லாது நிறுத்திவிடுதல் எளிதாயினும், மேற்கூறிய உதாரணத்தில் அவசரம் வெளிவாரிப் பரீட்சகரிடமிருந்தே வந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது வாதம் உழைப்பவரின் ஓய்வுரிமை பற்றியது. இதுவே மூன்றனுள் வலிமையானது. விடுமுறை என்பது உழைப்பவர் போராடிப் பெற்ற உரிமை. அக்காலத்தில் எவருக்கும் பதில் சொல்லும் கடப்பாடு அவருக்கு இல்லை என்று முற்போக்காளர் சிலர் வாதிடுவர். அவர்தம் முற்கோள் சரியானது, முடிவு பிழையானது. ஜேர்மனியின் டைம்லர் மோட்டார் நிறுவனம் 2014இல் மேற்கொண்ட ஏற்பாடு இதற்குத் தக்க சான்று. அந்நிறுவனத்தில் விடுமுறை செல்லும் ஊழியர் விரும்பினால், அக்காலத்தில் வரும் மடல்கள் யாவும் தாமாகவே அழிக்கப்பட்டுவிடும். இவ்வசதி ஜேர்மனியிலுள்ள ஏறத்தாழ 1 இலட்சம் ஊழியருக்குத் திறந்துவிடப்பட்டது. திரும்பி வருபவர் மடல்மலையின் முன் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மடல் அனுப்பியவருக்கு என்ன நேர்ந்தது? தங்கள் மடல் அழிக்கப்படுகின்றது என்பது அவருக்கு வெளிப்படையாகக் கூறப்பட்டது. அவசரமாயின் இன்னாரை நாடுக, இல்லையேல் அவர் திரும்பிய பின் மீண்டும் எழுதுக என்று வழியும் காட்டப்பட்டது. ஓய்வுரிமையை எல்லைவரை கொண்டுசென்ற அவ்வேற்பாடே மாற்றாளின்றி இயங்கவில்லை. உழைப்பவரின் ஓய்வைக் காப்பது மௌனமன்று. அவரிடத்தில் நிற்கும் இன்னொரு மனிதரே.

அவ்வின்னொரு மனிதரும் உழைப்பவரே என்பதை மறத்தலாகாது. மூன்றாவது வாதம் இங்கிருந்தே எழுகின்றது: சக ஊழியர்மீது சுமையேற்றலாமா? கேட்காமல் ஏற்றுவது நிச்சயமாகத் தவறு. தன் பெயர் இன்னொருவரின் தன்னியக்கப் பதிலில் இருப்பதை, முதல் அழைப்பு வந்த பின்னரே அறியும் தற்காலிக விரிவுரையாளர்கள் உண்டு. நிரந்தரமற்ற நியமனத்தில் இருப்பவரால் மறுக்கவும் முடிவதில்லை. இருவர் ஒருவரையொருவர் மாற்றாளாகக் குறித்துவிட்டு ஒரே கிழமையில் இருவரும் விடுமுறை செல்வதும் உண்டு. அப்போது மாணவன் முதல்வரிடமிருந்து இரண்டாமவரிடத்தும், இரண்டாமவரிடமிருந்து முதல்வரிடத்தும் அனுப்பப்படுகின்றான். பொறிகள் தமக்குள் முடிவின்றிச் சுற்றாதிருப்பதற்கு விதி செய்தவர்கள், மனிதர் சுற்றாதிருப்பதற்கு விதி செய்யவில்லை. எனவே பெயரைக் குறிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டேயாக வேண்டும்: நேரசூசியைத் திறந்து பார்க்க அவரால் இயலுமா? எவரையும் கேளாது நாளை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டா? அந்நாள்கள் முழுவதும் அவர் இருப்பாரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின் அப்பெயரை எழுதுதல் ஏமாற்று ஆகும்.

இதுவரை கூறியவை பதில் போய்ச் சேரும் என்னும் அனுமானத்தின்மேற் கூறப்பட்டவை. ஆனால் சில வேளைகளில் பதில் புறப்படுவதே இல்லை. திணைக்களத் தலைவர், பரீட்சை இணைப்பாளர் என்று பதவியின் பெயரால் அமைந்த முகவரிகள் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. அவற்றுக்கு வரும் மடல்கள் அப்பதவியிலுள்ளவரின் சொந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. தன்னியக்கப் பொறியோ, மடலின் பெறுநர் வரிசையில் தன் சொந்தக்காரரின் முகவரி காணப்படுகின்றதா என்று முதலில் பார்ப்பது வழக்கம். காணப்படாவிட்டால் அதனைப் பொதுமடல் எனக் கருதி வாளாவிருக்கும். விதிமுறையை நம்பி உரிய பதவி முகவரிக்கே எழுதிய மாணவனுக்கு மௌனம் கிடைக்கின்றது. ஆளை நேரே அறிந்து சொந்த முகவரிக்கு எழுதியவனுக்குப் பதில் கிடைக்கின்றது. செல்வாக்குள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான பழைய பேதத்தை எவரும் எண்ணாமலே பொறி மீண்டும் உருவாக்கிவிடுகின்றது. பதவி முகவரியை அக்காலத்தில் மாற்றாளின் கணக்குக்குத் திருப்பிவிடுவதே இதற்குப் பரிகாரம். நேர்ந்துள்ளதா என்பதை அறிவதும் எளிது: புறப்படுவதற்கு முதல்நாள் வேறொரு கணக்கிலிருந்து இரு முகவரிகளுக்கும் ஒவ்வொரு மடல் அனுப்பிப் பார்த்தால் போதும்.

மொழி பற்றியும் கூறாது முடிக்க முடியாது. 2008ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் நிகழ்ந்ததொன்று உலகெங்கும் நகைப்புக்குரிய செய்தியாயிற்று. கனரக வாகனங்கள் உட்செல்லலாகாது என்னும் வீதிப் பலகை ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் அமைய வேண்டியிருந்தது. நகரசபை ஆங்கில வாசகத்தைத் தன் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. வெல்ஷ் மொழியில் உடனே பதில் வந்தது. அதுவே மொழிபெயர்ப்பு என்று எண்ணிப் பலகையில் எழுதி வீதியோரத்தில் நாட்டியும் விட்டனர். அவ்வெல்ஷ் வாசகத்தின் பொருளோ, "நான் தற்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்புக" என்பதாகும்.

இதனை வெறும் வேடிக்கையாகக் கொள்வோர் அதன் உட்பொருளைக் காணத் தவறுகின்றனர். பலகையில் ஏறிய அவ்வாசகத்தில் ஒரு திகதி இல்லை. ஓர் ஆளின் பெயர் இல்லை. தொலைபேசி இலக்கமும் இல்லை. அம்மொழியை அறியாத ஒருவருக்கு, அது ஒரு மனிதரின் இன்மையை அறிவிக்கும் கூற்று என்று உணர்த்தக்கூடிய அடையாளம் எதுவும் அதில் இல்லை. இலக்கத்தில் எழுதிய ஒரு நாளும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்திருந்தால், வெல்ஷ் அறியாத எழுதுவினைஞருக்கும் ஐயம் தோன்றியிருக்கும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழியாக உள்ள இந்நாட்டில், ஆங்கிலத்தில் மட்டும் தன்னியக்கப் பதில் எழுதி வைத்தல் சுவான்சியின் தவற்றை மறுதலையாகச் செய்வதாகும். மகளின் பரீட்சை நாளைப் பற்றித் தமிழில் எழுதிக் கேட்கும் தந்தைக்குப் புரியாத மொழியில் பதில் வருகின்றது. தமது கேள்விக்கான விடை அதுவென்றே அவர் எண்ணி, அதனை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைவார். மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு வாக்கியம் எழுதுவதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அவ்வாக்கியம் எவ்வாறு அமையலாம் என்பதைத் தமிழிற் கூறின்:

"இணைப்பாளர் ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை கடமைக்குத் திரும்புவார். அதற்கு முன் நடைபெறவுள்ள பரீட்சை, கூட்டம் ஆகியவற்றின் நாளையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமாயின், அவற்றை மாற்றும் பொறுப்புடைய விரிவுரையாளர் (பெயர்) அவர்களை (அலுவலக இலக்கம்) வார நாள்களில் 9 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அழைக்குக. ஏனைய மடல்கள் 18ஆந் திகதியின் பின்னரே வாசிக்கப்படும்."

இதில் மன்னிப்பு இல்லை. நன்றி நவிலல் இல்லை. மரியாதைச் சொற்கள் மிகக் குறைவு. ஆயினும் மடல் அனுப்பியவர் இதனை வாசித்ததும் தாம் காத்திருக்கலாமா, அன்றி அழைக்க வேண்டுமா என்பதைத் தாமே தீர்மானிக்க இயலும். இறுதி வாக்கியமும் வேண்டுமென்றே இடப்பட்டது. இடையில் எவரும் மடல்களைப் பார்க்கமாட்டார் என்பதை வெளிப்படையாகக் கூறிவிட்டால், இரண்டாவது மடலுக்கு நேரும் மௌனத்தை எவரும் சம்மதம் என்று மயங்கார். பதில் ஓயும் நாளையும் முன்கூட்டியே குறித்து வைத்தல் வேண்டும். இல்லையேல் திரும்பி வந்து ஒரு மாதம் கழிந்த பின்னரும் "18ஆந் திகதி திரும்புவார்" என்று பொறி கூறிக்கொண்டேயிருக்கும். அன்றிலிருந்து அவ்வலுவலகத்தின் எந்த அறிவித்தலையும் எவரும் நம்பமாட்டார்.

சிறியதொரு விடயத்துக்கு இத்துணை ஆவேசமா எனக் கேட்போர் எப்பொழுதும் இருப்பர். அவர்கள் பெரும்பாலும் காத்திருக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். விடுமுறை விண்ணப்பப் படிவத்தில் "பதிற்கடமையாற்றுபவர்" என்று ஏற்கெனவே ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் எழுதப்படும் பெயரும் திரும்பும் திகதியும் அப்படியே தன்னியக்கப் பதிலிலும் இடம்பெற்றாலன்றி விடுமுறை அங்கீகரிக்கப்படலாகாது என்று பீடச்சபைகள் தீர்மானிக்குமாயின், அதற்குப் புதிய செலவும் இல்லை. புதிய பொறியும் வேண்டியதில்லை. 12ஆந் திகதி காலை பரீட்சை அறையில் வராத ஒருவரை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் அம்மாணவி கேட்பதும் அவ்வளவே: எப்போது வருவார்? அதுவரை யாரைக் கேட்பது?